கோனாயின் உள்ளங்கை

1858ஆம் ஆண்டு ஜூலை மாதம். சிப்பாய்க் கலகத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல் என்கிற 25 வயது ஆங்கிலேய அதிகாரி, சாலை போடுவதற்கான சரளைக்கல் வாங்க உள்ளூர்க்காரர் ஒருவரோடு ஒப்பந்தம் போடுகிறார். ஒப்பந்தக்காரரின் பெயர் ராஜ்யதர் கோனாய். வங்காளத்தில் தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார் கோனாய். எழுதத் தெரிந்தவர்தான். ஆனால் ஹெர்ஷலுக்கு நம்பிக்கை இல்லை. நாளைக்கே “இது என் கையெழுத்தே இல்லை” என்று சொல்லிவிட்டால்? அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மையை எடுத்து, கோனாயின் உள்ளங்கை முழுக்கத் தடவி, ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் பதிய வைத்தார்.

அந்தக் கணத்தில் ஹெர்ஷலுக்கு ரேகை பற்றி ஒன்றும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் ரேகை வேறு என்பதெல்லாம் பின்னால் வந்த ஞானம். கோனாயைக் கொஞ்சம் பயமுறுத்தி, பிற்பாடு மறுக்க முடியாதபடி செய்வதுதான் நோக்கம் என்று அவரே பிற்காலத்தில் எழுதிய சிறுநூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த உள்ளங்கையின் படமும் அந்த நூலில் இருக்கிறது.

நம் போனில் விரலை வைத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உள்ளங்கையின் கதை ஒரு தலைகீழ்த் திருப்பத்தோடு நடக்கிறது. மறுக்க முடியாத அடையாளமாகப் பிறந்த ஒன்றை நாம் ரகசியச் சாவியாகப் பயன்படுத்துகிறோம். அந்த இரண்டு வேலைகளுக்கும் தேவையான குணங்கள் நேரெதிரானவை. அந்த முரணை ஒரு போன் எப்படிச் சமாளிக்கிறது, சமாளிக்காத இடங்களில் என்ன ஆனது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

*

ஹெர்ஷல் அதன்பின் விடவில்லை. யுரேனஸைக் கண்டுபிடித்த வானியலாளரின் பேரன் அவர். குடும்பத்துப் பொறுமை இருந்திருக்க வேண்டும். தன் விரல்களையும் நண்பர்களின் விரல்களையும் மையில் தோய்த்துப் பதிவு எடுத்து, வருடக்கணக்கில் சேர்த்துவைத்தார். பத்து, இருபது வருடம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி எடுத்து ஒப்பிட்டார். தோல் சுருங்கியிருந்தது, தழும்பு விழுந்திருந்தது, ஆனால் ரேகையின் ஓட்டம் அப்படியே இருந்தது. தன் விரலையே அரை நூற்றாண்டுக்கும் மேல் பதிவு செய்துகொண்டிருந்தார். ரேகை மாறாது என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் நீண்டகாலச் சான்று அது.

1877இல் ஹூக்ளி மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டாக இருந்தபோது ஹெர்ஷல் இதை மூன்று இடங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்: ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், சிறைக்குப் போகிறவர்கள், பத்திரம் பதிகிறவர்கள். அந்த மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் கடைசியில் அது திரும்பி வரும்.

பின்னால் இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்டன் ஹெர்ஷலின் பதிவுகளை வாங்கி ஆராய்ந்து 1892இல் நூல் எழுதினார். ரேகையின் ஒட்டுமொத்த வடிவத்தைவிட, ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளை பிரிகிறது என்கிற சிறு புள்ளிகளில்தான் தனித்தன்மை இருக்கிறது என்று காட்டியது அவர் பங்கு. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் தொடங்கியது. லட்சக்கணக்கான அட்டைகளில் ஒன்றைத் தேடி எடுப்பதற்கான வகைப்பாட்டு முறைக்கு எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. அதன் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்த அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள்.

நம்மூரில் ‘கைநாட்டு’ என்பது வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. படிக்காதவன் என்று பொருள். ஆனால் படித்தவர்களுக்கும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இடது பெருவிரலில் மை தடவப்படும். கையெழுத்தை மறுக்கலாம், ரேகையை மறுக்க முடியாது. கோனாயிடம் ஹெர்ஷல் பயன்படுத்திய அதே தர்க்கம்தான்.

இந்த நூறு நூற்றைம்பது வருடத்தில் எங்கேயுமே ரேகை ரகசியமாக இருந்ததில்லை என்பதைக் கவனியுங்கள். அதை ரகசியமாக வைத்துக்கொள்ள யாரும் நினைக்கவும் இல்லை. ரேகை நிலையானதாக, தனித்துவமானதாக, எங்கே தொட்டாலும் படிவதாக இருந்ததால்தான் போலீசுக்கும் பதிவாளருக்கும் அது பயன்பட்டது.

*

2013 செப்டம்பரில் ஐஃபோன் 5எஸ் வந்தது. பட்டனில் விரலை வைத்தால் போன் திறக்கும். அதற்கு முன்பும் லேப்டாப்களிலும் சில போன்களிலும் ரேகை உணரிகள் இருந்தன, ஆனால் கோடிக்கணக்கான பேர் தினமும் பலமுறை பயன்படுத்தும் விஷயமாக அதை ஆக்கியது இதுதான். விற்பனைக்கு வந்த அதே வாரம் அமெரிக்க செனட்டர் ஆல் ஃபிராங்கன் ஆப்பிளின் தலைவர் டிம் குக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பாஸ்வேர்டு ரகசியமானது, மாற்றக்கூடியது. ரேகையோ பொதுவெளியில் இருப்பது, நிரந்தரமானது என்பது அதன் சாரம். ஒரு அரசியல்வாதி இவ்வளவு துல்லியமாக ஒரு பொறியியல் சிக்கலைச் சொல்லிப் பார்ப்பது அபூர்வம்.

அந்தச் சிக்கலைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒழுங்காக எழுதப்பட்ட எந்தத் தளமும் உங்கள் பாஸ்வேர்டைச் சேமித்து வைப்பதில்லை. அதை ஒரு கணிதச் சல்லடையில் அரைத்து, வெளியே வரும் எண் குவியலை மட்டும் வைத்துக்கொள்கிறது. இதற்கு ஹாஷ் என்று பெயர். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது என்பது போல, ஹாஷிலிருந்து பாஸ்வேர்டை எடுக்க முடியாது. நீங்கள் அடுத்த முறை பாஸ்வேர்டு அடிக்கும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்ப்பார்கள். இதில் ஒரு குணம் முக்கியம். உள்ளே போவது ஒரே ஒரு எழுத்து மாறினாலும் வெளியே வருவது அடியோடு மாறிவிடும். ஷா-256 என்ற ஹாஷ் முறையில் இரண்டு சொற்களைப் போட்டால் வரும் விடையின் தொடக்கம் இது:

```
hello -> 2cf24dba5fb0a30e...
Hello -> 185f8db32271fe25...
```

ஒரு எழுத்து பெரியதானது, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இப்போது விரலுக்கு வருவோம். கால்டன் சொன்ன அந்தச் சிறு புள்ளிகளை ஒரு கணினி எப்படிக் குறித்துக்கொள்ளும்? கிடைமட்டத்தில் எங்கே, செங்குத்தாக எங்கே, கோடு எந்தக் கோணத்தில் போகிறது என்று மூன்று எண்கள். இந்தப் பட்டியலுக்குத்தான் டெம்ப்ளேட் என்று பெயர். ஒரு விரலில் ஒரே புள்ளியைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பதிந்தால் இப்படி வரலாம்:

```
காலை: (112, 84, 37)
மாலை: (115, 82, 41)
```

விரலைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருப்பீர்கள். வெயிலில் தோல் உலர்ந்திருக்கும். அழுத்தம் கூடியிருக்கும். ஒரே விரல் இரண்டு முறை ஒரே எண்களைத் தருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இவற்றை ஹாஷ் செய்தால் இரண்டு மாவும் ஒட்டாது, சொந்தக்காரரே வெளியே நிற்க வேண்டியதுதான். அதனால் ரேகை ஒப்பீட்டில் கேட்கப்படும் கேள்வியே வேறு: “ஒன்றா?” என்று கேட்க முடியாது, “போதுமான அளவு நெருக்கமா?” என்றுதான் கேட்க முடியும். நெருக்கத்தை அளக்க வேண்டுமென்றால் பழைய பதிவு அரைக்கப்படாமல், படிக்கக்கூடிய எண்களாக அந்த நேரத்தில் கையில் இருந்தாக வேண்டும்.

இங்கேதான் பாஸ்வேர்டுக்கு இருக்கும் பாதுகாப்பு ரேகைக்குக் கைவிட்டுப் போகிறது. பூட்டி வைக்கலாம், ஆனால் ஒப்பிடும் நேரத்தில் திறந்தே ஆக வேண்டும். டெம்ப்ளேட் வெறும் புள்ளிப் பட்டியல்தானே, அதைத் திருடி என்ன செய்வது என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2007இல் இத்தாலியில் ரஃபேல் கப்பெல்லியும் அவர் கூட்டாளிகளும் தரப்படுத்தப்பட்ட டெம்ப்ளேட்டிலிருந்தே ஒரு ரேகைப் படத்தைத் திரும்ப வரைந்து காட்டினார்கள். அசலைப் போல நூறு சதவீதம் இருக்காது, ஆனால் ஒப்பிடும் மென்பொருளை ஏமாற்றப் போதுமானதாக இருந்தது. புள்ளி இருந்தால் கோலம் போட்டுவிடலாம்.

*

அரைக்க முடியாத ஒன்றை வைத்துக்கொள்ள ஒரே வழி, அதை யாரும் நுழைய முடியாத அறையில் வைப்பது. அந்த அறையை எங்கே கட்டுவது என்பதுதான் கேள்வி. ஆப்பிள் அதைப் போனுக்குள்ளேயே கட்டியது.

ஐஃபோன் 5எஸ்ஸின் ஏ7 சில்லுக்குள் செக்யூர் என்க்ளேவ் என்று தனியாக ஒரு சிறு கணினி இருக்கிறது. அதற்கென்று தனி மென்பொருள். அதற்குள் தயாரிப்பின்போதே எரித்துப் பதிக்கப்பட்ட ஒரு எண் இருக்கிறது. ஒவ்வொரு போனுக்கும் வேறு, ஆப்பிளுக்கே அது தெரியாது. உணரி எடுப்பது 88க்கு 88 புள்ளிகள் கொண்ட ஒரு குட்டிப் படம். விரலைவிட உணரி சின்னது. அதனால்தான் முதல்முறை பதியும்போது “எடுத்து மறுபடி வையுங்கள்” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. துண்டு துண்டாகப் பார்த்து ஒட்டுப்போடுகிறது. அந்தப் படம் மறையாக்கப்பட்டே உணரியிலிருந்து கிளம்புகிறது. போனின் பிரதான செயலி அதைக் கைமாற்றிவிடும் தபால்காரர் மட்டுமே, உறையைப் பிரிக்க முடியாது. என்க்ளேவ் அதைப் பிரித்து, கோடுகள் ஓடும் கோணங்களின் வரைபடமாக மாற்றிக்கொண்டு, படத்தை அழித்துவிடுகிறது. அசல் ரேகையை மீட்டெடுக்கத் தேவையான நுண்விவரங்கள் இந்த மாற்றத்திலேயே உதிர்ந்துவிடும் என்பது ஆப்பிளின் பாதுகாப்பு ஆவணம் சொல்வது. மிச்சமிருக்கும் வரைபடம் அந்த எரித்த எண்ணோடு பின்னப்பட்டுப் பூட்டப்படுகிறது. ஐகிளவுடுக்கும் போகாது, பேக்கப்பிலும் வராது. வெளியே இருக்கும் எந்த ஆப்பும் கேட்கக்கூடியது ஒரே கேள்வி, கிடைக்கக்கூடியது ஒரே பதில்: ஆம் அல்லது இல்லை.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. உணரியும் என்க்ளேவும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. இடையில் ஒரு போலி உணரியைச் செருகி ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதற்காக. ஆனால் தெருமுனைக் கடையில் ஹோம் பட்டனை மாற்றியவர்களின் போன்கள், ஒரு மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு ‘Error 53’ என்று காட்டிவிட்டுச் செத்துப்போயின. 2016 தொடக்கத்தில் இது பெரிய கூச்சலானது. ஆப்பிள் இறங்கிவந்து போன்களை உயிர்ப்பித்தது, ஆனால் மாற்றிய பட்டனில் ரேகை மட்டும் வேலை செய்யவில்லை. அறைக்குக் கதவை வேறு ஆசாரியிடம் மாற்றினால் அறைக்கே நம்பிக்கை போய்விடுகிறது.

*

அறை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ரேகை அறைக்கு வெளியேயும் இருக்கிறது. ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் இதை ரொம்ப காலமாகச் சொல்லிவந்தது. 2008இல், பாஸ்போர்ட்டில் ரேகை சேர்ப்பதை ஆதரித்த உள்துறை அமைச்சர் வோல்ஃப்காங் ஷாய்ப்ளே தண்ணீர் குடித்த தம்ளரிலிருந்து அவர் ரேகையை எடுத்துத் தங்கள் பத்திரிகையில் அச்சிட்டுவிட்டார்கள். கூடவே விரலில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய படலமாகவும் கொடுத்தார்கள்.

ஐஃபோன் 5எஸ் கடைக்கு வந்து ஓரிரு நாளில், அதே கிளப்பின் ‘ஸ்டார்பக்’ என்கிற புனைபெயர்க்காரர் அதையும் திறந்துகாட்டினார். கண்ணாடியில் படிந்த ரேகையை 2400 டிபிஐ நுணுக்கத்தில் படம் எடுத்தார். கணினியில் சுத்தம் செய்து, கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கி, பிளாஸ்டிக் தாளில் லேசர் பிரிண்டரில் மை தடிமனாக விழும்படி அச்சடித்தார். அந்த மேடு பள்ளத்தின் மேல் ரப்பர் பாலைத் தடவி, காய்ந்ததும் உரித்து எடுத்தார். ஈரப்பசைக்காக ஒருமுறை வாயால் ஊதிவிட்டு உணரியில் வைத்தார். திறந்துகொண்டது.

இந்தச் செய்தியைப் படித்தவர்கள் பலர் “அப்போ அந்த என்க்ளேவெல்லாம் சும்மாவா?” என்று கேட்டார்கள். சும்மா இல்லை. ஸ்டார்பக் அறைக்குள் நுழையவே இல்லை, அறையின் கதவுக்கு ஒரு போலி விரலைக் காட்டினார். அதற்கு அவருக்கு மூன்று விஷயம் தேவைப்பட்டது: அந்த ஆளின் தெளிவான ரேகை, அந்த ஆளின் அதே போன், கொஞ்சம் அவகாசம். அவகாசமும் குறைவு. ஐந்து முறை தப்பாக வைத்தாலோ, போனை அணைத்துப் போட்டாலோ, 48 மணி நேரம் திறக்காமல் இருந்தாலோ, விரல் செல்லாது, பாஸ்கோடு கேட்கும். ஒரு ஆளைக் குறிவைத்தால் ஒரு போன் கிடைக்கும், ஒரே நாளில் லட்சம் பேரை இப்படிப் பிடிக்க முடியாது. பிரித்து வைப்பதன் முழுப் பலனும் இதுதான்.

அறையே ஓட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே காலத்து உதாரணம் உண்டு. 2013 அக்டோபரில் வந்த ஹெச்டிசி ஒன் மேக்ஸ் என்கிற ஆண்ட்ராய்டு போன். 2015 ஆகஸ்டில் பிளாக் ஹேட் மாநாட்டில் ஃபயர்ஐ நிறுவன ஆய்வாளர்கள் அந்தப் போனில் கண்டுபிடித்ததைச் சொன்னார்கள். ரேகையின் படம், டெம்ப்ளேட்கூட இல்லை, முழுப் படமே, மறையாக்கம் எதுவும் இல்லாமல் ஒரு கோப்பாக உட்கார்ந்திருந்தது:

```
-rw-rw-rw-  /data/dbgraw.bmp
```

இடதுபக்கம் இருக்கும் அந்த மூன்று `rw`க்களின் அர்த்தம், போனில் இருக்கும் எந்த ஆப்பும் இதைப் படிக்கலாம், எழுதலாம் என்பது. ஒவ்வொரு முறை விரல் வைக்கும்போதும் அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டது. கோப்பின் பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. `dbg` என்பது நாங்கள் சோதனைக்காகப் போட்டுவைக்கும் எதற்கும் கொடுக்கும் பெயர். யாரோ ஒருவர் உணரி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எழுதிய வரி, அப்படியே கடைக்குப் போய்விட்டது என்றுதான் என் தொழில்புத்தி ஊகிக்கிறது. நிறுவனம் பின்னால் திருத்தியது. ஆனால் அதற்கு முன் எந்த ஆப்பாவது அந்தப் படத்தை நகலெடுத்திருந்தால், திருத்தம் அந்த நகலை ஒன்றும் செய்யாது. அதே 2015 கடைசியில் வந்த ஆண்ட்ராய்டு 6.0, ரேகைப் படமோ டெம்ப்ளேட்டோ போனின் பாதுகாக்கப்பட்ட பகுதியைவிட்டு வெளியே வரக்கூடாது என்பதை எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான விதியாக்கியது.

*

சரி, ரேகை போனைவிட்டு வெளியே போவதே இல்லை என்றால் வங்கி ஆப்பில் விரல் வைத்து நுழைகிறோமே, வங்கிக்கு என்ன போகிறது?

போவது ஒரு கையொப்பம். மை இல்லாத, கணிதக் கையொப்பம். நீங்கள் விரல் நுழைவை இயக்கும்போது போன் தன் பாதுகாப்பான பகுதிக்குள் ஒரு ஜோடிச் சாவியை உருவாக்குகிறது. ஒன்று வெளியே வராது, அதன் இணை வங்கிக்குப் போகும். அடுத்த முறை வங்கி ஒரு புதிய எண்ணை அனுப்பும். விரல் பொருந்தினால் மட்டும் உள்ளிருக்கும் சாவி அந்த எண்ணில் கையொப்பமிட்டு அனுப்பும். வங்கிக்கு உங்கள் விரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. நாளைக்கு வங்கியின் சர்வர் மொத்தமும் கசிந்தாலும் அதில் இருப்பது இணைச்சாவிகள்தான். அவற்றால் கையொப்பம் போட முடியாது. போன் தொலைந்தால் பழைய சாவியை ரத்து செய்துவிட்டுப் புதிய போனில் புதிய சாவி.

அதாவது, மாற்ற முடியாத விரலுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே மாற்றக்கூடிய ஒன்றைப் போன் செருகிவிட்டது. விரலை ரீசெட் செய்ய வழியில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, ரீசெட் தேவைப்படாத மூலையில் அதை உட்கார வைத்த வடிவமைப்பு இது. நான் வேலை பார்த்த ஒரு ஆப்பில் அடிக்கடி வரும் பிழைச்செய்தி ஒன்று உண்டு:

```
KeyPermanentlyInvalidatedException
```

போனில் யாராவது புதிதாக ஒரு விரலைச் சேர்த்தால், பழைய சாவி தன்னைத்தானே செல்லாததாக்கிக்கொள்ளும். உங்கள் பாஸ்கோடு தெரிந்தவர் தன் விரலைச் சேர்த்துவிட்டு உங்கள் வங்கிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. “ஏன் சார் மறுபடி பாஸ்வேர்டு கேக்குது?” என்று வாடிக்கையாளர்கள் புகார் செய்வார்கள். பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும்: கேட்பதால்தான் நல்லது.

*

எல்லோருடைய விரல்களையும் ஒரே அறையில் வைத்தால் என்ன ஆகும் என்பதும் அதே 2015இல் தெரிந்தது. அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்தின் கணினிகளுக்குள் யாரோ நுழைந்து, ரகசியப் பணிகளுக்கான பின்னணி விசாரணைக் கோப்புகளை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 2 கோடியே 15 லட்சம் பேர். முதலில் 11 லட்சம் பேரின் ரேகைகள் போனதாகச் சொன்னார்கள். செப்டம்பர் 23 அன்று அந்த எண்ணை 56 லட்சம் என்று திருத்தினார்கள். இரண்டு நாள் கழித்து, இன்னும் வேகமான ரேகை உணரியோடு அடுத்த ஐஃபோன் கடைக்கு வந்தது.

அந்த அலுவலகத்தின் அறிவிப்பில் ஒரு வரி என்னை யோசிக்க வைத்தது. ரேகைகளைத் தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பு இப்போதைக்குக் குறைவுதான், ஆனால் தொழில்நுட்பம் வளர வளர அது மாறலாம் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். பாஸ்வேர்டு கசிந்தால் அதன் அபாயம் நாளாக நாளாகக் குறையும், மாற்றிவிட்டால் அன்றோடு முடிந்தது. ரேகை கசிந்தால் அபாயம் நாளாக நாளாகக் கூடும். பாதிக்கப்பட்டவர்களுக்கு அடையாளத் திருட்டைக் கண்காணிக்கும் சேவையை இலவசமாகத் தந்தார்கள். யாராவது உங்கள் பெயரில் கடன் வாங்கினால் அது எச்சரிக்கும். ஆனால் வேறு பெயரில், வேறு பாஸ்போர்ட்டில் ஒரு நாட்டுக்குள் போகும் உளவுப்பணியாளருக்கு அது என்ன செய்யும்? அவர் பெயரை மாற்றலாம், மீசையை மாற்றலாம். விமான நிலையக் கண்ணாடியில் வைக்கும் விரல் 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த அதே விரல். ஹெர்ஷல் பெருமையோடு நிரூபித்த விஷயம் இங்கே ஆயுள்தண்டனையாகிவிட்டது.

இந்தியக் கதைக்குத் திருட்டுகூடத் தேவைப்படவில்லை. 2018இல் தெலங்கானாவில் ஒரு சிம் கார்டு விற்பனையாளரைப் போலீஸ் பிடித்தது. விற்பனை இலக்கை எட்டுவதற்காக அவர் ஆயிரக்கணக்கான சிம்களை யார் யார் பெயரிலோ இயக்கியிருந்தார். ஆதாருக்கு ரேகை வேண்டுமே, எங்கிருந்து வந்தது? நிலப்பத்திர நகல்களிலிருந்து. பத்திரத்தில் ஆதார் எண்ணும் இருக்கும், மையில் பதிந்த பெருவிரலும் இருக்கும். அதை எடுத்து ரப்பர் ஸ்டாம்பு செய்யும் இயந்திரத்தில் வார்த்துவிட்டார். ஸ்டார்பக்கின் ரப்பர் பால் வித்தையேதான். ஆனால் ஸ்டார்பக்குக்கு அந்த ஆளின் போன் தேவைப்பட்டது. இவருக்கு அதுவும் தேவையில்லை. ஏனென்றால் இங்கே ஒப்பீடு ஆளின் பையில் இருக்கும் போனில் நடப்பதில்லை, தொலைவில் ஒரு மத்தியக் கிடங்கில் நடக்கிறது. எந்த ஊரில், யாருடைய கருவியில் விரல் வைத்தாலும் செல்லும்.

பின்னால் இதே முறையில், ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, கிராமத்து மனிதர்களின் கணக்குகளிலிருந்து பணம் உருவப்பட்ட வழக்குகள் பல மாநிலங்களில் வந்தன. பணம் எடுக்க வங்கியின் பெயர், ஆதார் எண், விரல். பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும், போன் இல்லாதவரும் பணம் எடுக்க வேண்டும் என்கிற நியாயமான காரணத்துக்காக அப்படி வடிவமைத்தார்கள். அதே காரணத்தால், நடுவே மாற்றக்கூடிய சாவி என்று எதுவும் இல்லாமல் விரலே சாவியாக நின்றுவிட்டது. ஏமாற்றப்பட்டவர் காவல் நிலையத்தில் “நான் எடுக்கவில்லை” என்பார். பதிவேடு “உன் ரேகை இருக்கிறதே” என்னும். கோனாய் மறுத்துவிடக் கூடாது என்பதற்காகத் தொடங்கியது, மறுக்க வேண்டியவருக்கும் மறுக்க வழியில்லாத இடத்தில் வந்து நிற்கிறது.

அப்புறம் ஆதார் ஆணையம் சில மாற்றங்களைச் செய்தது. விரல் உயிருள்ளதா என்று பார்க்கும் சோதனைகளைக் கூட்டியது. புள்ளிப் பட்டியலோடு ரேகையின் படத்தையும் சேர்த்து ஒப்பிடும் முறையை 2023இல் கொண்டுவந்தது. ‘பயோமெட்ரிக் லாக்’ என்று ஒரு வசதியும் இருக்கிறது. ஆதார் தளத்திலோ ஆப்பிலோ போய்ப் பூட்டிவிட்டால், நீங்கள் திறக்கும்வரை உங்கள் விரல் எங்கேயும் செல்லாது. கசிந்த ரேகைக்கு இருக்கிற ஒரே ரீசெட் இதுதான்: மாற்ற முடியாததை அணைத்து வைப்பது. ஆனால் அதற்கு ஒரு போனும், ஓடிபி படிக்கத் தெரிந்திருப்பதும் வேண்டும். அதாவது இந்த வசதி யாருக்கு மிக எளிதோ அவர்களிடம் ஏற்கெனவே பின் நம்பரும் ஏடிஎம் கார்டும் இருக்கின்றன. கைநாட்டு மட்டுமே இருக்கிறவருக்கு அதைப் பூட்டினால் ரேஷனும் பென்ஷனும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும்.

எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்தவர்களுக்கு நான் பூட்டிக்கொடுக்கிறேன். பென்ஷன் வாங்கும் நாள் மட்டும் திறந்துவிட்டு மறுபடி பூட்ட வேண்டும், அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகிறது. போன மாதம் ஒரு பாட்டி கேட்டார்: “இப்ப பூட்டிட்டியே கண்ணு, அந்தப் பத்திரத்துல வெச்ச ரேகையையும் இது பூட்டுமா?” பணம் எடுக்க முடியாது பாட்டி, ஆனால் அந்தத் தாளில் இருப்பது இருந்தபடிதான் இருக்கும் என்றேன். நிலம் விற்றது 1994இலாம். இடது பெருவிரலை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.